எத்தனை முக்கோணம்? குறுக்குக்கோட்டில் உள்ள புள்ளிகளை எண்ணுங்கள்

கேள்வி: "ஐயா, என் மக மேலூர் பக்கம் அரசுப் பள்ளியில எட்டாவது படிக்கிறா. என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைப் பரீட்சைக்குத் தயாராகிட்டு இருக்கா. ஒரு பெரிய முக்கோணம், மேல் மூலையிலேருந்து அடிக்கோடு வரைக்கும் உள்ளே மூணு கோடு, நடுவுல இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் வரைக்கும் குறுக்கே ஒரு கோடு. மொத்தம் எத்தனை முக்கோணம்னு கேட்டிருக்காங்க. இவளுக்கு 14 வருது, விடையில 20னு போட்டிருக்கு. டியூஷன்ல n(n+1)/2னு சொல்லிக் கொடுத்தாங்க, கைடுல n(n-1)/2னு இருக்கு. எதை நம்புறது?"

பதில்: 20தான் சரி. சூத்திரம் இரண்டும் சரியானவைதான். ஒன்றில் n என்பது வேறு, மற்றதில் n என்பது வேறு. அது எங்கே பிரிகிறது என்பதைப் பார்க்கும் முன், குறுக்கே போகும் கோட்டைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, மேல் மூலையும் அடிக்கோடும் மட்டும் உள்ள படத்தை எடுத்துக்கொள்வோம்.

மேல் மூலையை உச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கோட்டின் இடது முனையில் 1 என்று எழுதுங்கள். உள்ளே வரும் மூன்று கோடுகளும் அடிக்கோட்டைத் தொடும் இடங்களில் 2, 3, 4. வலது முனையில் 5. உச்சியிலிருந்து இறங்குவது மொத்தம் ஐந்து கோடுகள். பெரிய முக்கோணத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் இந்தக் கணக்கில் சேர்ந்தவை. பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, "கோடு மூன்றுதானே" என்று தொடங்குகிறார்கள்.

இந்தப் படத்தில் எந்த முக்கோணத்தை எடுத்தாலும் அதன் இரண்டு பக்கங்கள் உச்சியிலிருந்து வருபவை, மூன்றாவது பக்கம் அடிக்கோட்டின் ஒரு துண்டு. வேறு விதமாக அமையவே முடியாது. ஏனென்றால் உச்சியிலிருந்து வரும் கோடுகள் உச்சியில் மட்டும்தான் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அவற்றில் மூன்றை எடுத்தாலும் அவை ஒரே புள்ளியில் கூடுமே தவிர, ஒரு இடத்தை அடைக்காது. ஆகவே ஒரு முக்கோணத்தைச் சொல்ல, அடிக்கோட்டில் இரண்டு புள்ளிகளைச் சொன்னால் போதும். 2, 4 என்று சொன்னால் உச்சி, 2, 4 மூன்றும் சேர்ந்த முக்கோணம். வேறு எந்த முக்கோணத்துக்கும் அந்தப் பெயர் வராது.

உங்கள் மகளை இரண்டு ஆள்காட்டி விரல்களையும் அடிக்கோட்டில் வைக்கச் சொல்லுங்கள். இடது விரல் 1இல் நிற்க, வலது விரலை 2, 3, 4, 5 என்று நகர்த்தினால் நான்கு முக்கோணங்கள். இடது விரலை 2க்கு மாற்றினால் வலது விரலுக்கு 3, 4, 5 என மூன்று இடங்கள். 3இல் வைத்தால் இரண்டு, 4இல் வைத்தால் ஒன்று. 4+3+2+1, ஆகப் பத்து. வலது விரல் இடது விரலைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. அதைக் கடைப்பிடித்தால் எதுவும் இரண்டு முறை எண்ணப்படாது, எதுவும் விட்டுப்போகாது.

இப்போது சூத்திரம். அடிக்கோட்டில் துண்டுகள் நான்கு, புள்ளிகள் ஐந்து. டியூஷனில் சொன்ன n(n+1)/2இல் n என்பது துண்டுகள்: 4×5/2 = 10. கைடில் உள்ள n(n-1)/2இல் n என்பது புள்ளிகள்: 5×4/2 = 10. பெருக்குவது இரண்டிலும் அதே நான்கையும் ஐந்தையும்தான். சிக்கல் வருவது ஒன்றின் எண்ணை மற்றதில் போடும்போது. புள்ளி ஐந்தைத் துண்டுச் சூத்திரத்தில் போட்டால் 15 வரும். துண்டு நான்கைப் புள்ளிச் சூத்திரத்தில் போட்டால் 6 வரும். உள்ளே இருக்கும் மூன்று கோடுகளைத் துண்டுச் சூத்திரத்தில் போட்டாலும் அதே 6தான். மகளின் நோட்டில் பத்துக்குப் பதில் 15 அல்லது 6 இருந்தால், எண்ணத் தெரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எது n என்பதில்தான் குழப்பம்.

இரண்டில் புள்ளிச் சூத்திரத்தை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. படம் சிக்கலாகும்போது துண்டுகளை எண்ணுவதைவிட, ஒரு கோட்டை உச்சிக்கோடுகள் எத்தனை இடத்தில் தொடுகின்றன என்று எண்ணுவதில் தவறு குறைவு. அதன் காரணம் அடுத்த படியில் தெரியும்.

மறந்துவைத்த குறுக்குக்கோட்டை இப்போது கொண்டுவருவோம். வாசலில் ஐந்து ஈர்க்குச்சிகளை ஒரு முனை ஒன்றாகச் சேர்ந்திருக்க, பனையோலை விசிறி மாதிரி விரித்து வையுங்கள். ஆறாவது குச்சியை அவற்றின் அடியில், ஐந்தையும் தொடும்படி குறுக்கே போடுங்கள். பத்து முக்கோணங்கள். அந்தக் குறுக்குக் குச்சியை மேலே பாதி தூரம் நகர்த்துங்கள். இன்னும் ஐந்தையும் தொடுகிறது, இன்னும் பத்துதான். கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள், அப்போதும் பத்து. எண்ணிக்கையை முடிவு செய்வது குறுக்குக் குச்சி எத்தனை உச்சிக்குச்சிகளைத் தொடுகிறது என்பது மட்டுமே. அது எவ்வளவு உயரத்தில் கிடக்கிறது, அடிக்கு இணையாக இருக்கிறதா என்பதெல்லாம் கணக்கில் வராது.

இப்போது ஏழாவது குச்சியையும் எடுத்து, ஒன்று அடியில், ஒன்று நடுவில் வையுங்கள். அடிக்குச்சியோடு பத்து, நடுக்குச்சியோடு பத்து, மொத்தம் இருபது. இரண்டு குறுக்குக் குச்சிகளையும் சேர்த்து ஒரு முக்கோணம் வராதா என்றால், வராது. அவை இரண்டும் படத்துக்குள் சந்திக்கவில்லை. நடுக்கோட்டுக்கும் அடிக்கோட்டுக்கும் இடையில் கிடக்கும் துண்டுகள் எல்லாம் நான்கு பக்கம் கொண்டவை. கோடுகள் இணையாக இருந்தால் அவை சரிவகங்கள். எத்தனை துண்டுகளைச் சேர்த்தாலும் அந்தப் பட்டையில் முக்கோணம் கிடைக்காது.

14 எப்படி வந்திருக்கும் என்பதையும் பார்க்கலாம். அநேகமாக அடிவரை வரும் பத்தையும் சரியாக எண்ணியிருக்கிறாள். நடுக்கோட்டுக்கு மேலே உள்ள சின்ன முக்கோணங்கள் நான்கைக் கூட்டி நிறுத்திவிட்டாள். விட்டுப்போனவை மேல் பாதியில் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஆறு: நடுக்கோட்டிலும் அதேபோல் 1 முதல் 5 வரை எண் போட்டால், 1-3, 1-4, 1-5, 2-4, 2-5, 3-5. பெரிய படத்தை ஒரே பார்வையில் பார்க்கும் கண், நடுக்கோட்டைப் பெரிய முக்கோணங்களை வெட்டும் கோடாக மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதுவே ஒரு அடிக்கோடு என்று எடுத்துக்கொள்வதில்லை. இதற்கு வழி எளிது. நடுக்கோட்டுக்குக் கீழே உள்ள பகுதியை ஒரு தாளால் மறையுங்கள். மேலே தெரிவது நாம் முதலில் எண்ணிய அதே படம். மறைத்துப் பார்த்த பிறகு எந்தப் பிள்ளையும் அங்கே நான்கோடு நிறுத்தாது.

14 தவறு என்பதை விடைத்தாள் பார்க்காமலேயே அவள் கண்டுபிடித்திருக்கலாம். ஒரு குறுக்குக்கோட்டுக்குக் கிடைக்கும் எண்ணிக்கை 1, 3, 6, 10, 15, 21, 28 என்ற வரிசையில்தான் இருக்கும். எல்லா உச்சிக்கோடுகளையும் தொடும் கோடுகள் இரண்டு என்றால், விடையில் பாதி இந்த வரிசையில் இருந்தாக வேண்டும். பதினான்கில் பாதி ஏழு. அது வரிசையில் இல்லை.

கேள்வித்தாளில் படத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால்தான் மனப்பாடச் சூத்திரம் கைவிடும். நடுக்கோடு முழுதும் போகாமல், இடப்பக்கத்தில் தொடங்கி உள்ளே உள்ள இரண்டாவது கோட்டோடு நின்றுவிட்டது என்று வையுங்கள். அது தொடுவது மூன்று உச்சிக்கோடுகளை. 3×2/2 = 3. அடிக்கோட்டுக்குப் பத்து. மொத்தம் 13. இன்னொரு விதம்: நடுக்கோடு முழுதாக இருக்கிறது, ஆனால் உள்ளே உள்ள கோடுகளில் ஒன்று நடுக்கோட்டோடு நின்று, அடிவரை வரவில்லை. இப்போது நடுக்கோட்டில் ஐந்து புள்ளிகள், பத்து முக்கோணங்கள். அடிக்கோட்டில் நான்கே புள்ளிகள், 4×3/2 = 6. மொத்தம் 16. "பத்தை இரண்டால் பெருக்கு" என்று மட்டும் பழகிய பிள்ளை இரண்டு படத்துக்கும் 20 என்று எழுதிவிடும். ஒவ்வொரு குறுக்குக்கோட்டின் ஓரத்திலும் அது தொடும் உச்சிக்கோடுகளின் எண்ணிக்கையைப் பென்சிலால் எழுதி, தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டப் பழகினால் இந்த இடத்தில் சறுக்காது. என்.எம்.எம்.எஸ். தேர்வின் மனத்திறன் தாளில் 90 கேள்விகளுக்கு 90 நிமிடம்தான். படத்தில் ஒவ்வொரு முக்கோணமாக விரல் வைத்துத் தேட நேரம் போதாது. கோட்டு ஓரத்தில் இரண்டு எண் எழுதிக் கூட்ட அரை நிமிடம் போதும்.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. குறுக்குக்கோடுகள் ஒன்றையொன்று சந்திக்காத வரைதான் கூட்டினால் போதும். சந்தித்தால் கூடுதல் முக்கோணங்கள் பிறக்கும். அடிக்கடி வரும் படம் ஒன்று: நடுக்கோடு இடப்பக்கத்தின் நடுவில் தொடங்காமல், அடிக்கோட்டின் இடது மூலையிலேயே, அதாவது 1 என்று எழுதிய இடத்திலேயே தொடங்கிச் சாய்ந்து மேலேறி வலப்பக்கத்தைத் தொடுகிறது. முதலில் வழக்கம்போல எண்ணுங்கள். சாய்ந்த கோடு ஐந்து உச்சிக்கோடுகளையும் தொடுகிறது, பத்து. அடிக்கோட்டுக்குப் பத்து. இப்போது அந்த இரண்டு கோடுகளும் மூலை 1இல் சேர்ந்து வாய் திறந்து நிற்கின்றன. அந்த வாயை மூடும் ஒவ்வொரு உச்சிக்கோடும் ஒரு புது முக்கோணம். 2, 3, 4, 5 ஆகிய நான்கு கோடுகளும் மூடுகின்றன. 1க்கு வரும் இடப்பக்கம் அந்த மூலை வழியாகவே போவதால் அது எதையும் மூடாது. ஆக 10+10+4 = 24.

இரண்டு குறுக்குக்கோடுகள் படத்தின் நடுவில் ஒன்றையொன்று வெட்டினாலும் இதே வழிதான். இரண்டும் எல்லா உச்சிக்கோடுகளையும் தொடுகின்றன என்றால், வெட்டும் இடம் எந்த உச்சிக்கோட்டின் மேலும் விழாதபோது ஐந்து உச்சிக்கோடுகளும் ஆளுக்கொரு புது முக்கோணம் தரும். ஒரு உச்சிக்கோட்டின் மேலேயே வெட்டினால் நான்குதான். அடிக்கோட்டையும் சேர்த்தால் முதல் வகைக்கு 10+10+10+5 = 35, இரண்டாவது வகைக்கு 34. ஆகவே அப்படிப்பட்ட படத்தில் கூட்டத் தொடங்கும் முன், வெட்டும் இடம் உச்சிக்கோட்டின் மேல் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா என்று உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள்.