மரக் கணக்கில் இரண்டு விடை

வணக்கம் ஐயா. பண்டாரவளைப் பக்கம் ஒரு காணியில் நிற்கும் டர்பன்டைன் மரங்களை 20 இலட்சத்துக்குக் கேட்டிருக்கிறோம். ஒரு வருடத்தில் வெட்டி விற்றால் செலவு போக 50 இலட்சம் வரும். அடுத்த வருட முடிவில் கட்டை பிடுங்கி, கான் வெட்டி, கல்லுக்கட்டு கட்டி, குவாத்தமாலா புல் நட்டுக் காணியை ஒப்படைக்க வேண்டும். அதற்கு 30 இலட்சத்து 80 ஆயிரம் ஆகும். எக்ஸெல்லில் ஐஆர்ஆர் எனும் உள்ளக வருவாய் வீதம் போட்டால் எனக்கு 10 சதவீதம், மச்சானுக்கு 40 சதவீதம். முதலுக்கு 15 சதவீத வட்டியில் கடன் எடுக்கிறோம், மிச்சக் காசை 8 சதவீத நிலையான வைப்பில் போடுவோம். எந்த விடை சரி?

வாசகர், பண்டாரவளை

அன்புள்ள நண்பருக்கு,

கணிதப்படி இரண்டுமே சரி. போகும் காசும் வரும் காசும் இன்றைய மதிப்பில் சமமாகும் வீதம்தான் ஐஆர்ஆர், 10இலும் 40இலும் அது நடக்கிறது. ஆனால் இரண்டில் எதையும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

B2 முதல் B4 வரை -20, 50, -30.8 என்று போட்டு நீங்கள் இருவரும் தட்டியது அநேகமாக இப்படி இருக்கும்:

```
=IRR(B2:B4)
=IRR(B2:B4,0.5)
```

இரண்டாவது வரியின் கடைசியில் இருப்பது தொடக்க ஊகம். அதைக் கொடுக்காவிட்டால் எக்ஸெல் 10 சதவீதத்திலிருந்து தேடத் தொடங்கும். எங்கே தொடங்குகிறதோ, அதையொட்டிக் கிடைக்கும் ஒரு விடையைக் காட்டிவிட்டு நின்றுவிடும். இன்னொரு விடை இருக்கிறது என்று சொல்லாது.

காசு ஒரு முறை போய், பிறகு வந்துகொண்டே இருந்தால் கூட்டல் கழித்தல் குறி ஒரு தடவைதான் மாறும், விடையும் ஒன்றுதான். உங்கள் கணக்கில் போகிறது, வருகிறது, மறுபடி போகிறது. குறி இரண்டு தடவை மாறுவதால் இரண்டு விடை வரை வரலாம். இது 1637இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் தெக்கார்த் எழுதிவைத்த விதி. முதலீட்டுக் கணக்கில் இதன் தொல்லையை 1955இல் லோரியும் சாவேஜும் ஓர் எண்ணெய்க் கிணற்றுப் பம்பை வைத்துக் காட்டினார்கள். அவர்கள் எடுத்த எண்களுக்கு 25 சதவீதமும் விடை, 400 சதவீதமும் விடை.

குறி மாறினாலே கணக்கு குழம்பிவிடும் என்றில்லை. தேயிலையில் கவ்வாத்து வருடம் கொஞ்சம் நட்டம் காட்டினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. உங்கள் ஒப்படைப்புச் செலவும் 10 இலட்சமாக இருந்திருந்தால் இரண்டாவது விடை பூச்சியத்துக்குக் கீழே போய்விடும், அதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். கடைசியில் வரும் செலவு பெரிதாக இருக்கும்போதுதான் சிக்கல். அதே செலவு 32 இலட்சமானால் விடையே கிடையாது, #NUM! என்று வரும்.

சரி, மச்சானின் 40 சதவீதத்தைப் பிரித்துப் பார்ப்போம். 20 இலட்சம் ஒரு வருடத்தில் 40 சதவீதம் வளர்ந்தால் 28. வந்த 50இலிருந்து அதைக் கழித்தால் கையில் 22 மிச்சம். அடுத்த வருட முடிவில் 30.8 கட்ட வேண்டுமென்றால் அந்த 22உம் ஒரு வருடம் 40 சதவீதத்தில் வளர வேண்டும். எந்த வங்கி தரும்? உங்கள் 10 சதவீதத்திலும் இதே நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அங்கே கையில் நிற்பது 28, அது 10 சதவீதத்தில் வளர வேண்டும். இரண்டாவது வருடத்தில் நீங்கள் முதலீட்டாளர் இல்லை, பிறருக்குச் சேரவேண்டிய காசை வைத்திருப்பவர். போட்ட காசுக்கு ஒரு வீதமும் வைத்திருக்கும் காசுக்கு இன்னொரு வீதமும் இருக்கும்போது ஐஆர்ஆர் இரண்டையும் ஒரே வீதமாக ஆக்கிவிடுகிறது.

வரப்போகும் வரவு செலவை வட்டி வீதப்படி இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டும் தேறிய தற்போதைய பெறுமதியைப் பார்த்தாலும் கவனம் வேண்டும். 15 சதவீதத்தில் போட்டால் ஏறக்குறைய 19 ஆயிரம் ரூபாய் இலாபம் காட்டும். நடப்பது வேறு. 20 இலட்சக் கடனை வட்டியோடு 23ஆகக் கட்டினால் 27 மிஞ்சும். வைப்பில் போட்டால் 29 இலட்சத்து 16 ஆயிரமாகும். செலவு 30 இலட்சத்து 80 ஆயிரம். ஒரு இலட்சத்து 64 ஆயிரம் ரூபாய் துண்டு விழுகிறது. மிச்சக் காசும் 15 சதவீதம் உழைத்தால்தான் அந்த இலாபம் உண்மை. உதாரணமாக, அதே வட்டியில் உங்களுக்கு வேறு கடன் இருந்து அதை அடைத்தால் உழைக்கும்.

எனவே பின்னாலிருந்து தொடங்குங்கள். வைப்பு 8 சதவீதமென்றால், 30.8 கட்டுவதற்கு மரம் விற்ற அன்றே 28 இலட்சத்து 52 ஆயிரத்தை ஒதுக்க வேண்டும். 50இல் அது போக உங்களுடையது 21 இலட்சத்து 48 ஆயிரம்தான். 20 போட்டு 21.48 எடுத்தால் 7.4 சதவீதம். உங்கள் உண்மையான வருவாய் வீதம் அது. இப்போது குறி ஒரே தடவைதான் மாறுகிறது, எக்ஸெல்லும் ஒரே விடைதான் தரும்.

15 சதவீதக் கடனை வைத்து 7.4 சம்பாதிக்க முடியாது, அதனால் இந்த விலைக்கு வாங்காதீர்கள். 21 இலட்சத்து 48 ஆயிரத்தை 1.15ஆல் வகுத்தால் 18 இலட்சத்து 68 ஆயிரம் வரும். அந்த விலைக்குக் கிடைத்தால் கடன் வட்டி மட்டும் கழியும், உங்கள் இருவருடைய உழைப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. காணிக்காரரிடம் பேசும்போது அதற்கும் நன்றாகக் கீழே நின்று பேசுங்கள். அல்லது கல்லுக்கட்டுச் செலவில் ஒரு பங்கை அவர் ஏற்கிறாரா என்று கேளுங்கள். ஒப்படைப்புச் செலவில் ஒரு இலட்சம் குறைந்தால், மரத்துக்கு 80 ஆயிரம் வரை கூடக் கொடுக்கலாம்.