குட்டைக்கால் சொல்லும் கதை

அன்புள்ள ஐயா,
எங்கள் தெருவில் இரண்டு வயதுப் பெண் நாய் ஒன்று இருக்கிறது. கறுப்பு உடல், கண்ணுக்கு மேலே பழுப்புப் பொட்டு, மடிந்த காது, சுருண்ட வால். ராட்வைலர் கலப்பு என்கிறார் ஒருவர்; கன்னி நாய் என்கிறார் இன்னொருவர். அளந்து பார்த்தேன்: தோள் உயரம் 33 செ.மீ., தரையிலிருந்து முழங்கை 13, மார்பிலிருந்து பிட்டம் வரை 46. எந்த இனம் கலந்திருக்கும்?
– ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் டேப் எடுத்து அளந்தது நல்லதாயிற்று. நிறத்தை மட்டும் எழுதியிருந்தால் என்னால் எதுவும் சொல்லியிருக்க முடியாது.

நம் நாட்டு நாயின் உடல் உயரத்தைவிடச் சற்றுத்தான் நீளமாக இருக்கும். முழங்கையும் உயரத்தில் ஏறக்குறையப் பாதியில் இருக்கும். உங்கள் நாய்க்கு 33-இல் 13தான். உடல் சிறுக்கவில்லை, கால் மட்டும் குறுகியிருக்கிறது. ராட்வைலருக்கும் கன்னிக்கும் இப்படிக் கால் கிடையாது. கன்னி நெட்டைக்கால் வேட்டை நாய். குட்டைக்கால் தரும் மரபணு தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளியே தெரிந்துவிடும். நம் ஊரில் அதைக் கொண்டுவந்திருக்கக்கூடியது பெரும்பாலும் டாஷ்ஹண்ட். ஆனால் அது தாயா, பாட்டியா, அதற்கும் முந்தியதா என்று காலைப் பார்த்துச் சொல்ல முடியாது. மற்ற அடையாளங்கள் கரைந்துபோன பிறகும் குட்டைக்கால் ஒரே ஒரு மரபணுவால் தலைமுறை தாண்டி வந்துகொண்டிருக்கும்.

ஒன்றை மட்டும் சரிபார்த்துவிடுங்கள். குட்டியில் சரியான தீனி இல்லாமல் எலும்பு வளைந்த நாயும் குள்ளமாகத் தெரியும். அதற்கு முன்கால் மணிக்கட்டு முண்டு முண்டாகப் புடைத்திருக்கும். உங்கள் நாயின் மணிக்கட்டைத் தடவிப் பாருங்கள். புடைப்பில்லாமல், நான்கு காலும் ஒரே அளவில் தடித்துக் குறுகியிருந்தால் அது பிறவி அமைப்பு.

கறுப்பில் பழுப்புப் பொட்டை நம்பாதீர்கள். கலப்பே இல்லாத தெரு நாய்களிலும் அது ஏராளம். டாஷ்ஹண்டிலும் உண்டு என்பதால் என் ஊகத்தோடு பொருந்துகிறது, அவ்வளவுதான். சுருள் வால் நாட்டு நாய் வழி வந்தது. மடிந்த காது டாஷ்ஹண்டுக்கு ஒத்துப்போனாலும், நாட்டு நாய்களிலேயே பாதி மடிந்த காது சாதாரணம். ஐந்து மாதத்துக்கு உட்பட்ட குட்டி என்றால் காதைக் கணக்கில் எடுக்கவே கூடாது. பல் விழுந்து முளைக்கும்போது மடிந்த காது நிமிரும், நிமிர்ந்த காது மடியும்.

முடி இன்னும் ஏமாற்றும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஸ்காட், புல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் குட்டை முடி பசன்ஜியையும் நீள முடி காக்கர் ஸ்பேனியலையும் சேர்த்தார்கள். முதல் தலைமுறைக் குட்டிகளுக்கு ஸ்பேனியலின் நீள முடி வரவில்லை. இரு பெற்றோரும் கொடுத்தால்தான் முடி நீளும். உங்கள் நாயின் பாட்டன் பொமரேனியனாகவே இருந்திருந்தாலும் உங்கள் நாயின் முடியில் ஒரு தடயமும் இல்லாமல் போயிருக்கலாம்.

ஆக, நாட்டு நாயோடு எங்கோ ஒரு டாஷ்ஹண்ட் என்பதே என் ஊகம். முன்பாதங்கள் சற்று வெளிப்பக்கம் திரும்பியிருக்கின்றனவா என்று பார்த்து எழுதுங்கள். திரும்பியிருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்வேன்.