அதிக விலை கேட்டு வென்றவர் நட்டப்படுவது ஏன்?

ஏலம், குத்தகை, திட்டத் தெரிவு பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். திருகோணமலையில் நீண்ட காலமாகத் திட்ட மதிப்பீடு பார்த்து வருகிறேன். கேள்விகள் எல்லாம் வெவ்வேறு ஆட்களுடையவை என்றாலும் வேர் ஒன்றுதான்.

நிலாவெளியிலிருந்து ஒருவர்: கடற்கரை வாகனத் தரிப்பிடத்தை ஓராண்டுக் குத்தகைக்கு எடுத்தேன். ஐந்து பேரில் என் விலைதான் அதிகம். நானே இருந்து வாகனங்களை எண்ணித்தான் விலை போட்டேன். ஆனாலும் நட்டம். என்னை யாராவது ஏமாற்றிவிட்டார்களா?

நீங்கள் அனுப்பிய கொப்பிப் பக்கங்களைப் பார்த்தேன். ஆட்டோ, வான், பஸ் என்று பிரித்து, ஐந்தைந்தாகக் கோடு கிழித்து எண்ணியிருக்கிறீர்கள். எண்ணியதில் பிழை இல்லை. பக்கத்தின் மேலே உள்ள திகதிகளைப் பாருங்கள்: எல்லாமே ஆகஸ்ட் மாதத்துச் சனி, ஞாயிறு. நிலாவெளி நிரம்பி வழியும் நாட்கள் அவை. மழை கொட்டும் நவம்பரில் எண்ணியவர் குறைவாகக் கேட்டிருப்பார். அவரும் நேர்மையாகத்தான் எண்ணியிருப்பார்.

ஒரு கணக்கு போடுவோம். செலவு போக அந்த இடம் ஆண்டுக்கு உண்மையில் 40 லட்சம் ரூபாய் தரும் என்று வையுங்கள். ஐந்து பேர் அதை 31, 36, 39, 43, 51 லட்சம் என்று மதிக்கிறார்கள். கூட்டி ஐந்தால் வகுத்தால் சரியாக 40 வருகிறது. ஐவரையும் சேர்த்துப் பார்த்தால் பிழையே இல்லை. ஒவ்வொருவரும் தன் மதிப்பில் 15 சதவீதத்தை இலாபத்துக்கு விட்டுவிட்டு விலை எழுதுகிறார். 51 என்று மதித்தவர் 43.35 லட்சம் எழுதி வெல்கிறார், 3.35 லட்சம் நட்டம். ஏலம் சராசரி மனிதரைத் தேர்வதில்லை; மேல்நோக்கி அதிகம் தவறியவரைத் தேர்கிறது. இதற்குத்தான் வென்றவரின் சாபம் என்று பெயர். யாரும் யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை.

அடையாளம் ஒன்று உண்டு. இந்தக் கணக்கில் இரண்டாவது விலை 36.55 லட்சம். உங்கள் விலைக்கும் அடுத்தவர் விலைக்கும் இவ்வளவு இடைவெளி இருந்தால், மற்றவர்கள் காணாத ஒன்றை நீங்கள் கண்டிருக்க வேண்டும், அல்லது அவர்கள் கண்டதை நீங்கள் காணாமல் விட்டிருக்க வேண்டும். அடுத்த முறை உறையை ஒட்டுவதற்கு முன் உங்களையே கேளுங்கள்: "இது எனக்குக் கிடைத்துவிட்டது என்று இப்போது சொன்னால், இதே நிலத்தைப் பார்த்த நால்வரும் என்னைவிடக் குறைவாக மதித்தார்கள் என்று பொருள். அது தெரிந்த பிறகும் இதே விலையைக் கொடுப்பேனா?" பேனையைத் திறக்கும்போதே அந்தச் செய்தியைக் கணக்கில் எடுத்துவிட வேண்டும்.

உப்புவெளியிலிருந்து, நிதி படிக்கும் மாணவி: எங்கள் குடும்ப நிறுவனம் ஏலத்துக்குப் போவதில்லை. நான்கு திட்டங்களின் தேறிய இன்றைய பெறுமதியை, அதாவது செலவு போக எதிர்கால வரவுகளின் இன்றைய மதிப்பை, கணித்து, கூடியதைத் தெரிவு செய்கிறோம். போட்டியாளர் இல்லாததால் சாபமும் இல்லை என்பது சரிதானே?

பாதி சரி, தங்கச்சி. வெளியில் போட்டியாளர் இல்லை. ஆனால் உங்கள் மேசையில் அந்த நான்கு திட்டங்களும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன; ஏலம் கூறுபவர் நீங்கள்.

நான்கும் உண்மையில் தலா 20 லட்சம் பெறுமதியானவை என்றே வைப்போம். உங்கள் கணிப்பில் மேலும் கீழுமாகப் பத்து லட்சம் அளவில் தடுமாற்றம், அதாவது நியம விலகல், இருப்பது வழக்கம்; சில வேளை அதைவிடக் கூடவும் தவறும். இப்படிப் பல முறை கணித்துப் பார்த்தால், நான்கில் கூடியதாகத் தெரிவது சராசரியாக 30 லட்சத்தைத் தொடும். தனித்தனியாக எந்தக் கணிப்பிலும் சாய்வு இல்லை. கூடியதைப் பொறுக்கிய கையில்தான் சாய்வு வருகிறது. பத்துத் திட்டங்களை வரிசைப்படுத்தினால் ஏமாற்றம் இன்னும் பெரிதாகும். சிமித், விங்க்லர் என்ற இருவர் 2006இல் இதைத் தனியே எடுத்து எழுதினார்கள். ஆண்டிறுதியில் "திட்டம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை" என்று முகாமையாளரைக் கடிந்துகொள்ளும் முதலாளிகளில் எத்தனை பேர் இதை அறிந்திருக்கிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் கவலை.

கிண்ணியாவிலிருந்து ஒரு பொறியியலாளர்: நாங்கள் எல்லாக் கணிப்பிலும் பத்து சதவீதம் வெட்டிவிடுகிறோம். அது போதாதா?

எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டினால் வரிசை அப்படியே இருக்கும். பிழையான திட்டம்தான் மறுபடியும் முதலில் நிற்கும். எந்தக் கணிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பொறுத்து வெட்ட வேண்டும்.

ஒருவருக்கு முன்னால் இரண்டு திட்டங்கள். புதிய கடற்கரை விருந்தினர் விடுதி: 48 லட்சம். இருக்கும் ஐஸ் தொழிற்சாலையை விரிப்பது: 36 லட்சம். அவர் இதுவரை செய்த இப்படியான முதலீடுகள் சராசரியாக 20 லட்சம் தந்தவை. விடுதிக் கணக்கு, எத்தனை அறைகள் நிரம்பும் என்ற ஊகத்தில் நிற்கிறது. ஐஸ் கணக்கு, எத்தனை படகுகள் எத்தனை கட்டி வாங்குகின்றன என்ற பற்றுச்சீட்டுகளில் நிற்கிறது. ஆகவே விடுதி சராசரிக்கு மேலே காட்டும் 28 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக, பத்தில் மூன்று பங்கை நம்புகிறோம்: 28.4 லட்சம். ஐஸ் மேலே காட்டும் 16 லட்சத்தில் பத்தில் எட்டுப் பங்கை நம்புகிறோம்: 32.8 லட்சம். வரிசை மாறிவிட்டது.

அந்த மூன்றும் எட்டும் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். பழைய கோப்புகளிலிருந்துதான் வர வேண்டும். அனுமதிக்கும்போது எழுதிய கணிப்பையும் ஐந்து ஆண்டு கழித்து உண்மையில் வந்ததையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். பல நிறுவனங்கள் அனுமதிக் கடிதத்தை வைத்துக்கொண்டு, கணக்குத் தாளை எறிந்துவிடுகின்றன. கோப்பு இல்லாவிட்டால் பங்கு வெறும் ஊகம். ஆனாலும் முழுதாக நம்புவதைவிட அது நல்லது என்றே நினைக்கிறேன்.

திருக்கோணமலை மீன் சந்தையிலிருந்து: விடிய ஏலத்தில் நான் எடுக்கும் பாரை மீன் பழுதாகிப் போகிறது. இதுவும் சாபமா?

இல்லை அண்ணன். செவுளைத் தூக்கிப் பார்த்து, கையால் அமுக்கிப் பார்த்து எடுக்கும் மீனில் ஊகத்துக்கு இடம் குறைவு. உங்கள் சிக்கல் ஐஸும் பயண நேரமும். மேலே நல்ல மீன் அடுக்கி மூடிய பெட்டியை அப்படியே எடுத்தால்தான் இந்தக் கதை வரும்.

மூதூரிலிருந்து ஓர் ஒப்பந்தக்காரர்: எங்கள் வேலையில் குறைந்த விலைக்காரர்தான் வெல்வார். எனக்கு இது பொருந்துமா? நான் விலையைக் கூட்டினால் வேலையே கிடைக்காது; பணியாட்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

தலைகீழாகப் பொருந்தும். மதகு கட்டும் வேலையில் நீர் இறைக்கும் செலவை மறந்தவர்தான் குறைந்த விலைக்காரராகி வெல்வார்.

1971இல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் நிறுவனத்தின் கேப்பன், கிளாப், கேம்பெல் என்ற மூன்று பொறியியலாளர்கள், மெக்சிக்கோ வளைகுடா எண்ணெய்க் குத்தகைகளில் நிறுவனங்கள் எதிர்பார்த்த இலாபம் ஏன் கிட்டவில்லை என்று எழுதினார்கள். போட்டியாளர் கூடும்போது துணிந்து விலை போடத் தோன்றும். செய்ய வேண்டியது அதற்கு எதிரானது என்றார்கள். மற்றவர்களைவிடக் குறைவாக அறிந்திருந்தாலும், தன் கணிப்பில் ஐயம் அதிகம் இருந்தாலும் இன்னும் ஒதுங்க வேண்டும். உங்களுக்கு அதன் பொருள்: எட்டுப் பேர் கேட்கும் வேலையில் விலையைக் கூட்டுங்கள், நிலத்தை நீங்கள் தோண்டிப் பார்த்த, இருவர் மட்டும் கேட்கும் வேலையில் நெருக்கிப் போடுங்கள்.

சம்பளக் கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. நட்டத்தில் எடுத்த வேலை பணியாட்களை ஆறு மாதம் காப்பாற்றி, ஏழாவது மாதம் உங்களையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்புவதைக் கண்டிருக்கிறேன். மற்றவர்கள் எல்லோரும் மறந்துகொண்டே இருக்கும் சந்தையில், சரியாகக் கணக்கிடுபவர் எவ்வளவு காலம் வேலையில்லாமல் தாங்குவார் என்பது அவருடைய கையிருப்பைப் பொறுத்தது. கடந்த மூன்று ஆண்டுகளில் நீங்கள் வென்ற வேலைகளின் கணிப்பையும் முடிவுச் செலவையும் அனுப்புங்கள். தோற்ற வேலைகளில் வென்றவரின் விலை தெரிந்தால் அதையும் சேருங்கள்.