மகளின் வகுப்பிலிருந்து அம்மாவின் வேலைக்கு

*வணக்கம் சார். திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளர்களிடம் பதினைந்து வருட வேலை விவரம் கேட்டு ஆய்வு செய்கிறேன். யாரைக் கேட்டாலும் "அஞ்சு வருஷம் இருக்கும்", "பத்து வருஷம் இருக்கும்" என்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. நிகழ்வு நாட்காட்டி போட்டுக் கேள் என்று வழிகாட்டி சொல்கிறார். அது வெறும் அட்டவணைதானே, அதனால் என்ன மாறிவிடும்?*
*ஆய்வு மாணவி, கோவை*

வணக்கம்.

அட்டவணைதான். குறுக்கே காலம், கீழே கீழே குடியிருந்த இடம், குழந்தைகள், படிப்பு, வேலை என்று வரிசைகள். பதினைந்து வருடத்துக்கு மாதக் கட்டம் போட்டால் தாள் கொள்ளாது, அதனால் வருடத்தை மூன்று அல்லது நான்காகப் பிரித்தால் போதும். ஆனால் வித்தியாசம் தாளில் இல்லை, கேட்கும் முறையில் இருக்கிறது. கேள்விப் பட்டியல் வேலையைப் பற்றி மட்டும் கேட்டு முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். நாட்காட்டியில் ஒரு வரிசையில் உறுதியாகத் தெரிந்ததை வைத்து இன்னொரு வரிசையில் மங்கலாக இருப்பதைப் பிடிக்கலாம்.

மாதிரிக்கு ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஓவர்லாக் டெய்லர் அக்கா, 2024 ஜூனில் பேசுகிறீர்கள். இந்தக் கம்பெனியில் எத்தனை வருஷம் என்றால் பத்து என்கிறார், அதாவது 2014. அதை எழுதாமல் வைத்துவிட்டு, மகளைப் பற்றிக் கேளுங்கள். இந்த மார்ச்சில் பிளஸ் டூ எழுதினாள், எங்கும் ஃபெயில் ஆகவில்லை. அப்படியென்றால் ஒன்றாம் வகுப்பு 2012 ஜூன். "அவளை ஸ்கூல்ல சேர்க்கும்போது எங்க வேலை பார்த்தீங்க?" "இங்கதான், அப்பவே இங்க வந்துட்டேனே." பத்து வருடம் அந்த இடத்திலேயே போய்விட்டது. சரி, அதற்கு முன்னால்? வேறொரு கம்பெனி, சாயப்பட்டறையெல்லாம் மூடினபோது துணி வரவில்லை, நிறுத்திவிட்டார்கள். நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டது 2011 ஜனவரி கடைசியில். பிறகு ஊருக்குப் போனார், ஏப்ரல் சட்டமன்றத் தேர்தலில் ஊரில்தான் ஓட்டுப் போட்டார், தீபாவளியும் அங்கேதான், பொங்கலுக்கு முன்னால் திரும்பி வந்து இந்தக் கம்பெனியில் சேர்ந்தார். ஆக, இங்கே பன்னிரண்டரை வருடம். அதைவிட முக்கியம், இடையில் பத்து பதினோரு மாதம் வேலையே இல்லை. "எந்தெந்தக் கம்பெனியில் இருந்தீங்க?" என்று வரிசையாகக் கேட்டிருந்தால் அந்த இடைவெளி வாயில் வந்திருக்காது, ஏனென்றால் அது கம்பெனி இல்லையே.

இது பரிசோதித்துப் பார்த்த விஷயமும்கூட. அமெரிக்காவில் 1968 முதல் ஒரே குடும்பங்களைத் தொடர்ந்து வரும் PSID என்ற மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு இருக்கிறது. அதன் மாதிரியிலிருந்து சிலரிடம் 1998-இல் ராபர்ட் பெல்லியும் கூட இருந்தவர்களும் 1996-ஐப் பற்றிக் கேட்டார்கள், பாதிப் பேரிடம் நாட்காட்டி, மீதிப் பேரிடம் கேள்விப் பட்டியல். அதே ஆட்கள் 1997-இல், நினைவு பச்சையாக இருந்தபோது சொன்ன பதில்களோடு ஒப்பிட்டார்கள். வீடு மாறியது, வருமானம், வேலையில்லாத வாரங்கள் ஆகியவற்றில் நாட்காட்டி மேல். எல்லாவற்றிலும் இல்லை: வீட்டுக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்களை நாட்காட்டிக்காரர்கள் நடந்ததைவிடக் கூடுதலாகச் சொல்லிவிட்டார்கள்.

களத்தில் செய்யும்போது வேலை வரிசையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் குழந்தை பிறப்பு, கல்யாணம், வீடு. பணமதிப்பு நீக்கம், ஊரடங்கு மாதிரிப் பொது நிகழ்வுகளைத் தாளில் அச்சடித்து வைக்கலாம், ஆனால் முதலில் நீட்டாதீர்கள்; அவரவர் சொந்த அடையாளங்கள்தான் அதிகம் உதவும். பென்சிலும் ரப்பரும் கட்டாயம், பேனாவில் எழுதினால் திருத்த மனசு வராது, நமக்கும் சரி, அவர்களுக்கும் சரி. "அப்போ 2012-ஆ?" என்று நீங்களாக எடுத்துக்கொடுத்தால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதனால் எந்தத் தேதி அவராகச் சொன்னது, எது வேறொன்றை வைத்துப் பிடித்தது என்று பக்கத்தில் சின்னதாகக் குறி போடுங்கள்.

அப்புறம், பத்து நாள், இருபது நாள் பீஸ் ரேட்டுக்குத் தைத்த வேலைகள் இந்தக் கட்டங்களில் விழாது. அது வேண்டுமென்றால் கடைசி ஒரு வருடத்துக்கு மட்டும் தனியாக மாதக் கட்டம் போடுங்கள். முப்பது நாற்பது பேர் முடிந்ததும் வேலை மாறிய வருடங்களை எண்ணிப் பாருங்கள்: பேசிய நாளிலிருந்து சரியாக ஐந்து, பத்து வருடத்துக்கு முன்னால் குவிந்திருந்தால் நாட்காட்டியை வைத்துக்கொண்டு பழைய கேள்விப் பட்டியலையே கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு இதில் பெரிய பயம் வேறு. அந்த மகள் நடுவில் ஒரு வருடம் படிப்பை விட்டிருந்தால், அதை அம்மா சொல்லாமல் விட்டால், பள்ளி, வேலை எல்லாமே சேர்ந்து ஒரு வருடம் தள்ளிப்போகும். ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தியும் இருக்கும், பிழை கண்ணிலேயே படாது. சாயப்பட்டறை மாதிரி வெளியே இருந்து வரும் தேதி ஒன்றாவது இருந்தால் அங்கே இடிக்கும். இல்லாவிட்டால் மார்க் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், பெரும்பாலும் பீரோவில் ரேஷன் கார்டோடு இருக்கும்.