இடது கண் இமை இரண்டு வாரமாகத் துடிக்கிறது, டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

"பத்து நாட்களுக்கு மேலாக இடது கீழிமை விட்டுவிட்டுத் துடிக்கிறது. வலி இல்லை. பயப்பட வேண்டுமா?"

பெரும்பாலும் வேண்டாம். கண்ணைச் சுற்றியிருக்கும் மெல்லிய வட்டத் தசையின் சில இழைகள் தாமாகச் சுருங்குவதுதான் இது. உங்களுக்குப் பெரிதாகத் தெரியும். எதிரில் இருப்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. (பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நல்ல சேதி என்பார் என் பாட்டி. எனக்கு வந்தது ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதம்தான்.)

அப்போது ஐந்து மணிநேரத் தூக்கம், ஐந்து காபி, நாள் முழுக்கக் கணினி. மூன்றும் சேர்ந்தால் இமை சும்மா இருக்காது. காபியை ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும் என்பதால் இரண்டு நாளுக்கொரு முறை ஒரு கோப்பையைக் குறைத்து, மதியத்துக்குப் பின் தொடுவதை விட்டேன். ஏழு மணிநேரம் தூங்கினேன். இரண்டாவது வாரத்தில் நின்றுவிட்டது. கண் உறுத்தினால் வறட்சியும் காரணமாக இருக்கலாம். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதே குறைந்துவிடுகிறது.

ஓய்வெடுத்தும் சில வாரங்களில் நிற்காவிட்டால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கண் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ, மேலிமை தொங்கினாலோ, துடிக்கும்போது கண் முழுதாக மூடிக்கொண்டாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம். துடிப்பு கன்னத்துக்கோ வாய் ஓரத்துக்கோ பரவினால் அது வேறு கதை: முக நரம்பை ஒரு இரத்தக்குழாய் அழுத்திக்கொண்டிருக்கலாம். துடிப்பதைக் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் அது நின்றுவிடும்.