அரிசி மூட்டைதான் எங்கள் வீட்டுத் தராசு

"வீட்டில் கிச்சன் தராசு கிடையாது. மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல், அவ்வளவுதான் சாப்பாடு. இதில் எத்தனை கலோரி என்று எப்படிக் கணக்குப் போடுவது? ஆப்பில் தேடினால் சோற்றுக்கே ஆளுக்கொரு எண் வருகிறது."

நீங்களும் என்னைப் போல யாரோ சமைத்துப் போட உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் என்றே வைத்துக்கொள்கிறேன். நீங்களே சமைப்பவர் என்றால் கொடுத்து வைத்தவர், பாதி வேலை மிச்சம்.

ஆப்பைத் திட்டிப் பயனில்லை. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி இருக்கிறது. அது வெந்ததும் தண்ணீரைக் குடித்து இரண்டரை, மூன்று மடங்கு கனத்துவிடும். அதனால் 100 கிராம் சோற்றில் 130 பக்கம்தான் வரும். குழைந்த சோறு என்றால் இன்னும் குறையும், உதிரியாக வடித்தால் கொஞ்சம் கூடும். தட்டில் இருப்பதைப் பார்த்து ஊகித்தால் பாதிக்கு மேல் நீங்கள் எடை போடுவது தண்ணீரைத்தான். ஆகவே உலையில் போடுவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும்.

"தராசு சில நூறு ரூபாய்தானே, வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே" என்று கீழே யாராவது எழுதுவார்கள். தாராளமாக வாங்குங்கள். ஆனால் ஒரு கரண்டி சாம்பாரைத் தராசில் வைத்தால் அதில் பருப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அது சொல்லாது. கடைக்காரர் எடை போட்டுக் கொடுத்த ஒரு கிலோ பாக்கெட் வீட்டில் இருக்கும்போது தராசு அவசரமும் இல்லை.

என் கதை இது. திருநகர் பக்கம் வீடு. அம்மா, மனைவி, மகள், நான் என நாலு பேர். ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடையைக் குறை என்று டாக்டர் சொன்னார். ஒரு கிலோ அரிசி பாக்கெட்டைப் பிரித்து, வீட்டில் அரிசி அளக்கும் எவர்சில்வர் டம்ளரால் தலைதட்டி அளந்தேன். சரியாக ஆறு டம்ளர். ஆக ஒரு டம்ளர் 167 கிராம், 580 கலோரிக்குக் கொஞ்சம் மேலே. மதியத்துக்கு இரண்டு டம்ளர், இரவுக்கு ஒன்று என்று மனைவி சொன்னார். மதிய உலையில் 1,170 கலோரி. வடித்த சோற்றைச் சோத்துக்கரண்டியால் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், 14 கரண்டி வந்தது. கரண்டிக்கு 83. நான் சாப்பிடுவது ஐந்து கரண்டி, அதாவது 415. (வடித்த கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போய்விடும். அதை நான் கழிக்கவில்லை. கஞ்சியைக் குடிப்பவர்கள் கழிக்கவே கூடாது.)

சாம்பாருக்கும் இதே வழிதான். அரை டம்ளர் துவரம்பருப்பு 80 கிராம் சொச்சம், 280 கலோரி. தாளிக்க இரண்டு டீஸ்பூன் எண்ணெய், அது 80. காய், தக்காளி, வெங்காயத்துக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் மொத்தம் 420 போல வரும். பன்னிரண்டு குழிக்கரண்டி வந்தால் கரண்டிக்கு 35. தண்ணீர் விட்டு நீட்டினால் கரண்டி கூடும், மொத்தம் மாறாது.

இப்படி நோட்டுப் போட்டு இரண்டு மாதம் எழுதினேன். நோட்டுப்படி நான் இளைத்திருக்க வேண்டும். எடை எந்திரத்தில் முள் அசையவில்லை. மைத்துனர் ஒருத்தர் வந்து, "ராத்திரி யாருக்கும் தெரியாம பரோட்டா கடைக்குப் போறீங்களோ" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

உண்மையைச் சொன்னது அரிசி மூட்டை. எங்கள் வீட்டில் வாங்குவது 26 கிலோ மூட்டை. 25 கிலோ சிப்பம் என்று காலம்காலமாக வாங்கிக்கொண்டிருந்தோம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையான பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. போட்டார்கள், அதிலிருந்து தப்பிக்க 26 கிலோ மூட்டை வந்தது. சோறு திங்கிறவனுக்கு எதற்கு வரி என்று கேட்டால் பதிலில்லை. அது கிடக்கட்டும். என் கணக்குப்படி ஒரு நாளைக்கு மூன்று டம்ளர், அதாவது 500 கிராம். மூட்டை 52 நாள் வர வேண்டும். நாற்பதாம் நாள் தீர்ந்துவிட்டது. ஒரு நாளைக்கு 650 கிராம் போயிருக்கிறது! இட்லிக்குத் தனி அரிசி, விருந்தாளியும் யாரும் வரவில்லை.

மறுநாள் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். அம்மா டம்ளரைக் கோபுரமாக அள்ளுகிறார். தலைதட்டுகிற பேச்சே இல்லை. மதிய அரிசியைப் போட்ட பிறகு மேலே ஒரு கைப்பிடி வேறு.

"அது எதுக்கும்மா?"

"அளந்ததோட நிறுத்தக் கூடாதுடா. திடீர்னு ஒரு ஆளு வந்தா என்ன செய்வ?"

கோபுரமாக அளந்தால் ஒரு கிலோவுக்கு ஐந்து டம்ளர்தான், டம்ளர் 200 கிராம். மூன்று டம்ளர் 600, கைப்பிடி 50. மூட்டைக் கணக்கோடு அச்சாகப் பொருந்தியது. மதிய உலையில் 1,170 அல்ல, 1,575 கலோரி. என் ஐந்து கரண்டி 415 அல்ல, 560. ஆகவே நீங்கள் தலைதட்டி அளக்காதீர்கள். உங்கள் வீட்டில் சமைப்பவர் எப்படி அள்ளுவாரோ அப்படியே அவரையே அளக்கச் சொல்லி எண்ணுங்கள். அப்புறம் மூட்டை பிரித்த தேதியைச் சுவர் காலண்டரில் குறித்து வையுங்கள். தீரும் நாளில் உங்கள் நோட்டின் லட்சணம் தெரிந்துவிடும்.

பொரியலில் காயைப் பற்றிக் கவலையே வேண்டாம். கால் கிலோ பீன்ஸ் முழுதும் 80 கலோரிகூட வராது. இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெய் 250, ஒரு கை தேங்காய்த்துருவல் 150. நாலாகப் பங்கிட்டால் ஆளுக்கு 120 ஆகும், அதில் பீன்ஸ் 20தான்.

அம்மா எண்ணெயைத் தூக்கிலிருந்து கண்ணளவாக ஊற்றுவார், கரண்டி வைத்து அளக்கச் சொன்னால் சண்டைதான் வரும். அதனால் அதற்கும் மாதக் கணக்கு. எங்களுக்கு மாதம் மூன்று லிட்டர். நாலு பேர், முப்பது நாள் என்று வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 மில்லி, 200 கலோரி. அப்பளம், வடை பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கொட்டினால் மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் அச்சடித்த எடையையும் ஒருமுறை படித்துவிடுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் என்றால் 910 கிராம் இருக்க வேண்டும். அதே உயரம், அதே அகலத்தில் 850 கிராம் பாக்கெட்டை நீட்டுகிறார்கள், நான் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன்.

சராசரியில் நான் மற்றவர்களைவிட அதிகம் தின்பவனாக இருக்கலாம் என்பது உண்மைதான். சோற்றைக் கரண்டி எண்ணிப் பிரிக்கிறேன், எண்ணெயைப் பிரிக்க வழியில்லை. அதனால் என் பங்கை 250 என்று எழுதிக்கொள்கிறேன். கறி தோசை சாப்பிடப் போகிற ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் திறப்பதில்லை. அந்தக் கடைக்காரர் எத்தனை டின் எண்ணெய் வாங்குகிறார் என்று நான் எங்கே போய்க் கேட்பது?