நிலா திரும்பி வர 27 நாளா, 29 நாளா?

கேள்வி: என் பையன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். ஒரு மாதம் நிலாவைப் பார்த்துக் குறிப்பு எழுதி, அதை வைத்து அறிவியல் கண்காட்சிக்கு என்ன புராஜெக்ட் செய்யலாம்? தெர்மாகோல் பந்து மாடல் வேண்டாம்.

நான் செங்கோட்டைப் பக்கம், கேரள எல்லையை ஒட்டிய ஊரில் அறிவியல் ஆசிரியர். பிள்ளைகள் நிலாக் குறிப்பு எழுதினால் பெரும்பாலும் முப்பது வட்டம் போட்டுக் கருப்படித்துக் கொண்டு வருவார்கள். அதிலிருந்து புதிதாக ஒன்றும் தெரியாது. வடிவத்தோடு நிலா எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு கட்டம் கூடினாலே நல்ல கேள்வி ஒன்று கிடைக்கும்: நிலா கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர எத்தனை நாள்?

ஜனவரி கடைசி வாரத்தில் ஆரம்பிப்பது நல்லது. எங்கள் ஊரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். மேகத்தைத்தான் குறிப்பெடுக்க முடியும். மேற்கே மலை எழுந்து நிற்பதால் மூன்றாம் பிறையும் சீக்கிரமே மறைந்துவிடும். ஜனவரி இறுதியில் நிலா கார்த்திகைக் கூட்டத்துக்கு அருகே வரும்போது, இரவு எட்டு மணிக்கு நன்றாக உயரத்தில் இருக்கும். நிலா வெளிச்சத்தில் அந்தக் கூட்டம் மங்கும். கட்டை விரலால் நிலாவை மறைத்துக்கொண்டு பார்த்தால் தெரியும். சற்றுத் தள்ளிச் சிவப்பாக இருப்பது ரோகிணி. அது உங்களுக்கு அடையாளம்.

கையை நன்றாக நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 பாகை. பையன் கை சின்னதுதானே என்று யோசிக்க வேண்டாம், முஷ்டிக்கு ஏற்ற அளவில் கை நீளமும் குறைவு. அடிவானத்திலிருந்து உச்சி வரை முஷ்டி மேல் முஷ்டியாக வைத்துப் பார்க்கட்டும். ஒன்பது வந்தால் அளவு சரி.

இனி கணக்கு. முதல் நாள் இரவு எட்டு மணிக்கு நிலா கார்த்திகை அருகே, பாதியைத் தாண்டி நன்றாகப் பருத்து இருக்கிறது. மறுநாள் அதே நேரத்தில் ஒரு முஷ்டிக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கிழக்கே போயிருக்கும். நாளுக்கு சுமார் 13 பாகை. பௌர்ணமிக்குப் பிறகு நிலா நேரம் கழித்து உதிக்கும், அப்போது விடிகாலையில் பார்க்க வேண்டும். அமாவாசையை ஒட்டி இரண்டு மூன்று நாள் எதுவும் தெரியாது. அந்தக் கட்டங்களைக் காலியாகவே விடுங்கள்.

27 நாள் கழித்து நிலா மறுபடி கார்த்திகைப் பக்கம் வந்து நிற்கும். ஆனால் வடிவத்தைப் பாருங்கள், ஏறக்குறைய பாதிதான் இருக்கும்! பழைய பருமன் வர இன்னும் இரண்டு நாளுக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் நிலா கார்த்திகையைத் தாண்டி மூன்று முஷ்டி கிழக்கே, திருவாதிரைக்கு வடக்கே போய்விடும். நட்சத்திரக் கணக்கில் ஒரு சுற்று 27.3 நாள், வடிவக் கணக்கில் 29.5 நாள். உங்கள் ஒரு மாதத்துக்குள் இரண்டுமே அடங்கிவிடும்.

காரணம் சூரியன். நிலாவின் வடிவம் சூரியனிலிருந்து அது எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. பூமி சூரியனைச் சுற்றி வருவதால், நட்சத்திரங்களுக்கு இடையே சூரியனும் நாளுக்கு சுமார் ஒரு பாகை கிழக்கே நகர்வதாக நமக்குத் தெரியும். 27 நாளில் அது சுமார் 27 பாகை முன்னால் போயிருக்கும். அந்தத் தூரத்தை எட்டிப் பிடிக்கத்தான் நிலாவுக்கு அந்த இரண்டு நாள்.

கண்காட்சி மேசையில் இதற்குப் பழைய சுவர்க் கடிகாரம் ஒன்று போதும். எண்கள் நட்சத்திரம், சின்ன முள் சூரியன், பெரிய முள் நிலா. பன்னிரண்டில் இரண்டும் சேர்ந்து நிற்கும். பெரிய முள் 60 நிமிடத்தில் பன்னிரண்டுக்கு வந்துவிடும், ஆனால் சின்ன முள்ளைப் பிடிக்க ஒரு மணி ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டும். என் வகுப்பில் படம் போட்டு விளக்கியபோது முழித்தவர்கள்கூட முள்ளைத் திருப்பிக் காட்டியதும் புரிந்துகொண்டார்கள்.

இரண்டு இடத்தில் பையன் தடுமாறுவான். மிச்சமிருக்கும் அந்த 0.3 நாளால், 27 நாள் கழித்து வரும் இரவில் அதே மணிக்கு நிலா முதல் நாள் நின்ற இடத்துக்கு நாலு பாகை போல மேற்கேதான் இருக்கும். தப்பாக அளந்துவிட்டோம் என்று அழிக்க வேண்டாம். அப்புறம், ஒரு சுற்றுக்குள்ளேயே நிலா ஒரே சீரான வேகத்தில் போவதில்லை. அதனால் தினசரி அளவு 12 என்றும் 15 என்றும் மாறி வரலாம்.

ஒரு வருடம் எங்கள் பள்ளியில் ஒரு பெண்ணின் நோட்டில் எல்லா நாளும் 13 என்றே இருந்தது. அமாவாசை அன்றும் அதே 13. "எப்படிம்மா பார்த்தே?" என்றேன். சிரித்துக்கொண்டே, "காலண்டர்ல திதி, நட்சத்திரம் எல்லாம் போட்டிருக்கே சார்" என்றாள். தினசரிக் காலண்டரைக் கடைசியில் எடுங்கள். பார்த்து முடித்த பிறகு, கார்த்திகை என்று அச்சிட்ட இரண்டு நாள்களின் திதியை ஒப்பிடட்டும். இரண்டாவது தடவை திதி இரண்டு போலப் பின்தங்கியிருக்கும், பையன் கண்ணால் பார்த்த அதே வித்தியாசம்.